பளபளக்கும் கெட்டித் திட்டு: மார்ஃபியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பிலோ வயிற்றிலோ தொடையிலோ வழவழவென்று ஒரு திட்டைக் காட்டிக்கொண்டு தோல் மருத்துவரிடம் வருபவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பெரியவர்களுக்கு உடம்பில் வரும் திட்டைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். குழந்தைகளுக்கு வருவது கொஞ்சம் வேறு கதை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

இடுப்புல ஒரு இடம் மட்டும் பளபளன்னு கெட்டியா இருக்கு. வலியும் இல்ல, புண்ணும் இல்ல. இது என்ன?

பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மார்ஃபியா. நம் தோலின் நடு அடுக்கில் கொலாஜன் என்ற புரத இழைகள் உண்டு. தோலுக்கு உறுதி தருபவை அவைதான். மார்ஃபியாவில், உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த அடுக்கில் இருக்கும் சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றிக் கூடி முதலில் ஓர் அழற்சியை உண்டாக்குகின்றன. அது சில வாரங்களோ மாதங்களோ நீடித்தபின், அந்த இடத்தில் கொலாஜன் தேவைக்கு மேல் உற்பத்தியாகி அடைந்துகொள்கிறது. தோல் கெட்டியாவது அதனால்தான்.

ஆகவே திட்டு ஒரே மாதிரி இருப்பதில்லை, காலத்தோடு மாறும். தொடக்கத்தில் லேசாகச் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ ஒரு கறை மாதிரி இருக்கும். அப்போது கெட்டித்தன்மை இருக்காது. பிறகு நடுப்பகுதி வெளுத்து, மெழுகு பூசியது போல் பளபளத்து இறுகும். அங்கே முடி உதிர்ந்துவிடும், வியர்வை வராது. கடைசியில் இறுக்கம் தளர்ந்து, தோல் சற்று மெலிந்து, பழுப்பு நிறம் மட்டும் நிற்கும். பெரும்பாலோர் டாக்டரிடம் வருவது நடுக்கட்டத்தில்தான், அதாவது கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும்போது.

அது பழைய தழும்பா இருக்கக் கூடாதா? சின்ன வயசுல எங்கயாவது அடிபட்டிருக்கலாமே?

இருக்கலாம். தழும்பும் பளபளக்கும், தழும்பிலும் முடி முளைக்காது, சில தழும்புகள் கெட்டியாகவும் இருக்கும். ஆனால் தழும்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வெட்டுக்காயமென்றால் நீளமாக, தையல் போட்டிருந்தால் குறுக்கே புள்ளிகளோடு, வெந்நீர் கொட்டியதென்றால் நீர் ஓடிய வழியில் இருக்கும். காயத்தின் வடிவம் தழும்பில் தெரியும். மார்ஃபியாத் திட்டு உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ, எந்தக் காயத்தின் வடிவத்தோடும் பொருந்தாமல் இருக்கும். உங்கள் அம்மாவுக்கும் அந்த இடத்தில் அடிபட்ட ஞாபகம் இருக்காது.

இதைவிட நம்பகமான வித்தியாசம், தழும்பு வளராது என்பது. ஆறி முடிந்த தழும்பு அதே இடத்தில் அதே அளவில் கிடக்கும். வளரும் தழும்பு ஒன்று உண்டு, கெலாய்டு. அது தோலுக்கு மேலே புடைத்து, பெரும்பாலும் நெஞ்சு, தோள், காதுமடல் போன்ற இடங்களில் வந்து, அரிப்பும் வலியும் தரும். மார்ஃபியா புடைக்காது, தோல் மட்டத்திலோ கொஞ்சம் உள்வாங்கியோ இருந்தபடி பக்கவாட்டில் பரவும். போன தீபாவளிக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது, இப்போது உள்ளங்கையில் பாதி இருக்கிறது என்றால் அதைத் தழும்பு என்று விட்டுவிட முடியாது.

வீட்டிலேயே பார்த்துத் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் சொல்வதற்கு உருப்படியான தகவல் சேர்க்கலாம். திட்டின் நடுவில் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மடித்துத் தூக்கிப் பாருங்கள். உடம்பின் மறுபக்கம் அதே இடத்திலும் தூக்கிப் பாருங்கள். மறுபக்கம் எளிதாக மடிந்து, திட்டில் மட்டும் விரல் வழுக்கி, தோல் அடியோடு ஒட்டியதுபோல் எழும்ப மறுத்தால், அது இறுகிய தோல். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், மாவு போல் உதிர்கிறதா என்று. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்ததும் சுற்றிலும் வியர்த்திருக்க, திட்டு மட்டும் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு போட்டோ. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பளபளக்கும் தோலில் வெளிச்சம் பட்டு நிறமே தெரியாமல் போய்விடும். மாதம் ஒரு படம் போதும். தினமும் பார்த்தால் வளர்வதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு அதையும் படம் எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பவே உதவும்.

எல்லாரும் தேமல், படர்தாமரைன்னு சொல்றாங்க. எப்படி வேறுபடுத்துறது?

இரண்டும் பூஞ்சைதான், ஆனால் அவை தோலின் மேல் அடுக்கில் மட்டுமே குடியிருப்பவை. அதனால் மாற்றமும் மேலாகத்தான் இருக்கும். படர்தாமரையில் ஓரம்தான் சுறுசுறுப்பு: வட்டத்தின் விளிம்பு சிவந்து, லேசாக மேடிட்டு, செதில் உதிரும், நடு ஆறிக்கொண்டே போகும். அரிப்பு தூங்க விடாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் பரவும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும், தொடையிடுக்கிலும் ஒன்று இருக்கும். தேமல் மார்பு, முதுகு, தோளில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெளுத்தோ பழுப்பாகவோ வந்து ஒன்றோடொன்று சேரும். சுரண்டினால் தவிடு போல் மெல்லிய செதில் வரும்.

மார்ஃபியாவில் நேர்மாறு. மேல்தோல் வழவழப்பாக இருக்கும், செதில் இருக்காது, மாற்றமெல்லாம் அடியில். அரிப்பு இருந்தாலும் கொஞ்சமாகத்தான். பரவுவது மாதக்கணக்கில். ஒரே வரியில் சொல்வதென்றால், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பூஞ்சைத் திட்டு சொரசொரப்பாகவும் மார்ஃபியா வழவழப்பாகவும் தட்டுப்படும். தேமலைத் தடவித் தோலை மடித்தால் மற்ற இடம் போலவே மடியும்.

குழப்பம் அதிகம் வருவது இடுப்பில். பாவாடை நாடாவும் பெல்ட்டும் இறுக்கும் இடம் அது. வியர்வையால் படர்தாமரை அங்கே வரும், நாடா உரசி உரசித் தோல் கறுத்துத் தடிப்பதும் அங்கேதான், மார்ஃபியாவுக்கும் இறுக்கமான உடை அழுத்தும் இடங்கள் பிடிக்கும். பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவதால், இடுப்புத் திட்டோடு வரும் பெண்ணிடம் மூன்றையும் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

மெடிக்கல்ல டியூப் வாங்கிப் போட்டேன், கொஞ்சம் நல்லா ஆச்சு. அப்போ பூஞ்சைதானே?

இல்லை. இந்த ஒரு தர்க்கம்தான் பலருக்கு மாதக்கணக்கில் காலத்தைத் தின்றுவிடுகிறது. கடையில் சும்மா கேட்டால் கிடைக்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடு ஒரு வீரியமான ஸ்டீராய்டும், சிலவற்றில் கிருமிக்கொல்லியும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் தற்காலிகமாக அடக்கும். படர்தாமரையின் அரிப்பும் அடங்கும், மார்ஃபியாவின் சிவப்பும் அடங்கும். அதனால் ‘கொஞ்சம் நல்லா ஆச்சு’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதில் இரண்டு பக்கமும் கெடுதல் உண்டு. உண்மையில் பூஞ்சையாக இருந்தால், அரிப்பு அடங்கியபடியே பூஞ்சை அடையாளம் மாறிப் பரவும். விளிம்பு மங்கி, பார்க்கும் டாக்டருக்கே சந்தேகம் வரும். பூஞ்சை இல்லாமல் இருந்தால், மாதக்கணக்கில் தேய்த்த ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துப் பளபளப்பாக்கிவிடும், அடியில் இரத்தக் குழாய்கள் தெரியும், சில நேரம் கோடு கோடாக வெடிக்கும். அந்தப் பளபளப்பை மார்ஃபியா என்று நினைத்து வருபவர்களும் உண்டு. மெலிந்த தோல் சிகரெட் காகிதம் போலச் சுருங்கி எளிதாக மடியும், இறுகிய தோல் மடியவே மடியாது. டாக்டரிடம் போகும்போது அந்த டியூப்பையோ அதன் அட்டையையோ கையில் எடுத்துப் போங்கள். ‘ஏதோ வெள்ளை க்ரீம்’ என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

நெட்ல பார்த்த படத்துல ஊதா வளையம் இருக்கு. எனக்கு அப்படி இல்லையே?

அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் தோலில் எடுத்தவை. நோய் பரவிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் அழற்சி இருப்பதால் அவர்களுக்கு இளம் ஊதா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நம் மாநிறத்தில் அதே வளையம் மங்கிய கரும்பழுப்பாக, சில நேரம் சாம்பல் கலந்து தெரியும். கறுத்த தோலில் தெரியாமலே போகலாம். நடுப்பகுதியும் தந்த நிறத்தில் வெளுப்பதற்குப் பதில் பழுப்பாகவே இருக்கலாம், அல்லது வெள்ளையும் கறுப்பும் கலந்து புள்ளி புள்ளியாக இருக்கலாம்.

முதுகில் பழுப்பாக, கெட்டித்தன்மையே இல்லாமல், ஓரத்தில் சட்டென்று ஒரு படி இறங்கியது போல் பள்ளமாக வரும் வகையும் ஒன்று உண்டு. அதையும் மார்ஃபியாக் குடும்பத்தில்தான் பலர் சேர்க்கிறார்கள். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

வெளுத்திருக்கு, முடி இல்ல, வேர்க்கலை. தொழுநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு.

சந்தேகம் நியாயமானதுதான். தொழுநோய்த் திட்டிலும் முடி உதிரும், வியர்வை நிற்கும், தோல் காய்ந்து கிடக்கும். நம் ஊரில் அது இன்னும் முழுவதுமாகப் போய்விடவில்லை. ஆனால் அதில் நரம்பு பாதிக்கப்படுவதால் உணர்ச்சி குறையும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டையும் பக்கத்துத் தோலையும் மாற்றி மாற்றித் தொட்டு, ‘எங்கே தொட்டேன், விரல் வைத்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது வழக்கம். மார்ஃபியாவில் உணர்ச்சி குறையாது. தொழுநோயில் தோல் இறுகிப் பளபளத்து நடுவில் வெளுப்பதும் இல்லை.

முகத்திலும், மிகத் தொடக்க நிலையிலும் தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி இருக்கவே கூடும். அதனால் வீட்டில் பஞ்சு வைத்துத் தொட்டுப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்; தொழுநோய்க்கான கூட்டு மருந்து அங்கே இலவசம்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொல்றாங்க. பார்த்தாலே தெரியாதா?

பல நேரம் பார்த்தாலே, தொட்டாலே தெரியும். எல்லாருக்கும் பயாப்சி செய்வதில்லை. எப்போது தேவைப்படுகிறது என்பதை, பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரு பெண்மணியின் கதையாகச் சொல்கிறேன். வயது 36. இடுப்பின் வலப்பக்கம் சுமார் 3 செ.மீ. அளவில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு, லேசான அரிப்பு. படர்தாமரை என்று மருந்துக்கடை டியூப். அரிப்பு போனது, திட்டு போகவில்லை. அடுத்து பூஞ்சைக்கு வாரம் ஒரு மாத்திரை, பிறகு தினம் ஒரு மாத்திரை. பல மாதம் கழித்து வரும்போது திட்டு 7 செ.மீ., நடுவில் பளபளப்பு.

முதலில் கேட்டது வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று, இல்லை. தழும்புக்கான பூர்வீகம் இல்லை. பஞ்சுத் தொடுதலை எல்லா இடத்திலும் சரியாகக் காட்டினார். செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தேடுவதுதான் அடுத்த சோதனை. ஐந்து நிமிட வேலை. சுரண்ட வரவில்லை, பிளேடு வழவழவென்று நழுவியது. கொஞ்சம் கிடைத்ததில் பூஞ்சை இல்லை. ஆனால் பூஞ்சை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். இத்தனை மருந்து பூசிய தோல் எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றும். அதனால்தான் பயாப்சி.

மரத்துப்போக ஊசி போட்டு, 4 மி.மீ. விட்டமுள்ள சின்ன உருளைக் கத்தியால், கெட்டியான இடத்தில், கொழுப்பு வரை ஆழமாக எடுக்க வேண்டும். மேலாக எடுத்தால் நோய் இருக்கும் அடுக்கே வராது; ‘ஒன்றும் சொல்ல முடியவில்லை’ என்று ரிப்போர்ட் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒன்றிரண்டு தையல், பத்து நாளில் பிரித்துவிடலாம். இவருக்கு வந்த ரிப்போர்ட்டில் தடித்த கொலாஜன் கட்டுகள் அடி வரை நெருக்கமாக இருந்தன, வியர்வைச் சுரப்பிகள் அவற்றுக்கு நடுவே நெரிபட்டிருந்தன, இரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சி அணுக்கள் இருந்தன, பூஞ்சைக்கான சாயத்தில் எதுவும் ஏறவில்லை. தழும்பில் அறுந்துபோகும் மீள் இழைகள் இவரிடம் அப்படியே இருந்தன. தழும்பா, பூஞ்சையா, மார்ஃபியாவா என்ற மூன்று சந்தேகமும் ஒரே துண்டில் தீர்ந்தன.

மார்ஃபியான்னா ஸ்கிளீரோடெர்மான்னு போட்டிருக்கு. நுரையீரல் எல்லாம் போயிடுமா?

பயப்பட வேண்டாம், பெயர்தான் இங்கே வில்லன். ஸ்கிளீரோடெர்மா என்ற பெயரில் இரண்டு நோய்கள் வாழ்கின்றன. ஒன்று தோலில் ஓரிடத்தில் நிற்பது, அது மார்ஃபியா. இன்னொன்று உடல் முழுவதற்குமானது. நுரையீரல், சிறுநீரகம், உணவுக்குழாயைத் தொடுவது அதுதான். மார்ஃபியா முற்றி அதுவாக மாறுவதில்லை.

உடல் முழுவதற்குமான நோய் பெரும்பாலும் விரல்களில்தான் ஆரம்பிக்கும். குளிர் நீரில் கை வைத்ததும் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும். மோதிரம் கழற்ற முடியாமல் விரல்கள் தடித்து இறுகும். இதெல்லாம் இல்லை, விரல் தோல் மெத்தென்று மடிகிறது என்றால் நுரையீரலுக்கு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. சொந்த உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்களை இரத்தத்தில் தேடும் ஏ.என்.ஏ. சோதனை பாசிட்டிவ் வந்தால் அதை வைத்தும் மிரளாதீர்கள். மார்ஃபியா உள்ளவர்கள் பலருக்கு அது பாசிட்டிவாக வரும்.

ஒன்றை மட்டும் நானாகக் கேட்பேன், பெண்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால். மார்ஃபியா உள்ள சிலருக்குப் பிறப்புறுப்பில் வெளுத்து, தோல் மெலிந்து, தாங்க முடியாத அரிப்பு தரும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற நோயும் சேர்ந்து வரும். அதற்குத் தனி மருந்து உண்டு. விட்டுவிட்டால் தழும்பாகி இடம் சுருங்கிவிடும். வெள்ளைப்படுதல் என்று நினைத்துக் கொண்டிருக்கும் அரிப்பு இதுவாகக்கூட இருக்கலாம், சொல்லிவிடுங்கள்.

ஒட்டுமா? குழந்தையைத் தூக்கலாமா?

ஒட்டாது. தூக்கலாம், ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒன்றும் ஆகாது. கிருமியே இல்லாத நோய் இது.

ஊசி போட்ட இடத்துலதான் வந்துச்சு. ஊசியாலதானா?

அடிப்படைக் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. தூண்டுதல் என்று சில தெரியும்: அடி, அறுவைச் சிகிச்சை, ஊசி, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு, இடைவிடாத உடை உரசல். கதிர்வீச்சுக்குப் பின் பல மாதம் கழித்து மார்பகம் சிவந்து இறுகினால், புற்றுநோய் திரும்பியதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மார்ஃபியாவை யோசிப்போம்.

ஆனால் ஊசி போட்ட இடத்தில் குழி விழுந்தால் எல்லாம் மார்ஃபியா இல்லை. இடுப்பிலோ தோளிலோ ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் அடிக்கொழுப்பு கரைந்து பள்ளமாகி, தோல் வெளுப்பது அடிக்கடி நடக்கும். அது மெத்தென்று இருக்கும், பரவாது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே மேடிட்டு வரும். இரண்டாவது கேள்வியில் சொன்ன ‘வளர்கிறதா’ என்ற கணக்கு இங்கேயும் உதவும்.

மருந்து என்ன? எத்தனை நாள்?

ஓரிரு திட்டுகள், ஆழமில்லை என்றால் பூச்சு மருந்தே போதும். வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் திட்டின் மேல் மட்டும், முக்கியமாக ஓரத்தில், சில வாரம் பூசி நிறுத்துவோம், அல்லது 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு, தினம் இரண்டு வேளை, சுமார் மூன்று மாதம். ‘அதே ஸ்டீராய்டைத்தானே முன்னாடி திட்டினீங்க’ என்று கேட்பார்கள். மருந்து அதுவேதான், எதற்கு, எங்கே, எத்தனை நாள் என்று தெரிந்து பூசுவது வேறு, தெரியாமல் ஆறு மாதம் தேய்ப்பது வேறு.

திட்டுகள் நிறைய இருந்தால் ஒளிச் சிகிச்சை. நம் ஊரில் அதிகம் கிடைப்பது குறும்பட்டை புற ஊதா பி. வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதம் வர வேண்டும். இந்த ஒளி ஆழமாக இறங்காது என்பதால் மேலான திட்டுக்குத்தான் பலன். ஆழமாக இருந்தாலோ, மூட்டின் மேல் ஏறினாலோ, வேகமாகப் பரவினாலோ, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்; மூன்றாவது வாரத்தில் ‘ஒன்றும் தெரியலை’ என்று விடுபவர்கள்தான் அதிகம்.

மெத்தோட்ரெக்ஸேட் கேன்சர் மருந்தாமே?

புற்றுநோய்க்கும் தருவார்கள், ஆனால் இங்கே கொடுக்கும் அளவு அதில் மிகச் சிறு பங்கு. இதில் உண்மையான ஆபத்து வேறு: இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. சீட்டைத் தப்பாகப் படித்துத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறு நாளில் போடுவது வழக்கம். இரண்டும் மஞ்சளாகச் சின்னதாக இருப்பதால் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனை முதலில் ஒன்று, பிறகு அவ்வப்போது. மது கூடாது. கர்ப்பத்தில் கூடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு வழி பார்க்கலாம், மருந்தை நிறுத்தி இடைவெளி விடவும் நேரம் கிடைக்கும்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. நெத்தியில கோடு மாதிரி பள்ளம் விழுந்து முடிக்குள்ள போகுது. இதுவும் அதேதானா?

அதே குடும்பம், ஆனால் இதில் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் திட்டாக வராமல் கோடாக வரும்: நெற்றியிலிருந்து தலைமுடிக்குள் ஏறும் பள்ளம், அல்லது கை கால் நெடுக ஒரு பட்டை. இது அடியிலிருக்கும் கொழுப்பு, தசை, எலும்பு வரை இறங்கும். காலில் வந்தால் வளரும் வயதில் அந்தக் கால் குட்டையாகவோ மெலிந்தோ நின்றுவிடலாம், முழங்காலைத் தாண்டினால் மடக்க முடியாமல் போகலாம். பிஞ்சிலேயே கீழே விழுந்த தழும்பு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு வருடம் ஓடிவிடும்.

நெற்றியில் இருந்தால் கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை செய்ய வேண்டும். கண்ணுக்குள் சிவப்போ வலியோ இல்லாமலே அழற்சி இருக்கலாம். வலிப்பு, தீராத தலைவலி இருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. இந்த வகைக்குப் பூச்சு மருந்தோடு நிற்பதில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டும், தொடக்கத்தில் சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துத் தருவோம். நோய் அடங்கியபின்னும் ஒரு வருடம் போல மாத்திரை தொடரும். மூட்டுக்குப் பிசியோதெரபி முதல் வாரத்திலிருந்தே.

கெட்டி இளகிடுச்சு, ஆனா கறுப்பு போகவே மாட்டேங்குது. மருந்து வேலை செய்யலையா?

வேலை செய்திருக்கிறது. நோயின் உயிர்ப்பு வேறு, அது விட்டுப்போன சேதம் வேறு. ஓரத்தில் வளையம் இல்லை, புதுத் திட்டு இல்லை, மூன்றாவது கேள்வியில் சொன்ன போட்டோவில் அளவு மாறவில்லை, தோல் மடிகிறது என்றால் நோய் அடங்கிவிட்டது. மிஞ்சும் பழுப்பு மங்க வருடக்கணக்கில் ஆகும், சிலருக்கு நிரந்தரம். முடியும் வியர்வையும் திரும்புவது அரிது. அந்தக் கறுப்பைப் போக்க இன்னும் ஸ்டீராய்டு தேய்த்தால் ஐந்தாவது கேள்வியில் சொன்ன மெலிவு தவிர வேறொன்றும் கிடைக்காது.

ஒண்ணுமே செய்யாம விட்டா? சரியான பிறகு திரும்ப வருமா?

பெரியவர்களின் திட்டு வகை மருந்தில்லாமலே சராசரியாக மூன்று முதல் ஐந்து வருடத்தில் தணிவதுண்டு. அதனால் ஏற்கெனவே இளகிப் பழுப்பாகிவிட்ட ஒற்றைத் திட்டோடு வருபவருக்கு நான் பெரும்பாலும் மருந்தே எழுதுவதில்லை. கெட்டியாகிக் கொண்டிருக்கும் திட்டை மட்டும் அப்படி விடக் கூடாது. இறுகும் முன் அடக்கினால்தான் பள்ளமும் கறையும் குறையும்.

திரும்ப வரலாம். அதே இடத்தின் ஓரத்திலும் வரலாம், வேறு இடத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். கோடு வகையில் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மருந்து நிறுத்திய முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வந்து காட்டச் சொல்வேன். வரும்போது பழைய போட்டோவும் கையில் இருக்கட்டும்.